'ஃப்ரெண்ட்ஸோன்ல போட்டுட்டா' என்கிற வாக்கியத்தில் என்ன பிசகு?

"ஃப்ரெண்ட்ஸோன்ல போட்டுட்டாங்க்கா" என்றான் அந்தத் தம்பி. ஈரோட்டிலிருந்து திருப்பூருக்குப் போகிற காலை ரயில். விஜயமங்கலம் தாண்டியிருந்தது. என்னோடு அதே பனியன் கம்பெனியில், மெர்ச்சண்டைசிங் பிரிவில் வேலை செய்கிற பையன். யாரைச் சொல்கிறான் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒன்றரை வருடமாக அவனோடு அதே பெட்டியில் வந்துபோன பெண்தான். அவள் சாம்பிள் பிரிவு. அன்றைக்கு அவள் வேறு பெட்டியில் ஏறியிருந்தாள்.

அவனுக்குச் சொன்னதையும் அப்போது சொல்லத் தெரியாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்தச் சொல்லைக் கல்லூரிப் பிள்ளைகளிலிருந்து கம்பெனிக்கு வருகிறவர்கள் வரை எல்லோரும் சொல்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தவர்களை அதிகம் கண்டதில்லை.

முதலில் பொருள். ஒருவருக்கு நண்பர் மேல் காதல் வருகிறது. சொல்கிறார். எதிரில் இருப்பவர், "எனக்கு அப்படித் தோணலை, ஃப்ரெண்டாவே இருக்கலாம்" என்கிறார். அப்போது காதலைச் சொன்னவர் 'ஃப்ரெண்ட்ஸோனில்' இருக்கிறார் என்கிறார்கள். நட்பு என்பது ஒரு அறை, காதல் அதற்குப் பக்கத்து அறை, அந்தப் பெரிய அறைக்குள் விடாமல் இந்தச் சின்ன அறையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்பதுதான் அந்தச் சொல்லின் படம்.

சொல் பரவியது ஒரு அமெரிக்க டிவி நகைச்சுவைத் தொடரிலிருந்து. 'ஃப்ரெண்ட்ஸ்' என்று பெயர், 1994-இல் வந்த ஒரு பகுதி. அதில் ஒருவன் தன் நண்பனிடம், நீ சொல்லாமலே ரொம்ப நாள் கடத்திவிட்டாய், இனி அவளுக்கு நீ வெறும் நண்பன்தான் என்கிறான். இதைக் கவனிக்க வேண்டும். அங்கே குறை, வாய் திறக்காமல் நாள் கடத்தியவன் மேல்தான் சொல்லப்பட்டது. அந்தப் பெண் ஏதோ செய்துவிட்டாள் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. சொல் ஊர் ஊராகப் போனபோதுதான் குறை இடம் மாறியது. நம் தமிழில் வந்து சேர்ந்தபோது அது 'போட்டுட்டா', 'பண்ணிட்டா' என்று ஒரு வினையாகவே ஆகிவிட்டது.

அந்த வினையில்தான் பிசகு தொடங்குகிறது என்று நினைக்கிறேன். 'போட்டுட்டா' என்றால் போட்டவள் ஒருத்தி, போடப்பட்டவன் ஒருவன். ஆனால் நடந்தது என்ன? அவன் ஒன்று கேட்டான், அவள் பதில் சொன்னாள். முந்தின நாள் அவள் எங்கே இருந்தாளோ அங்கேதான் மறுநாளும் இருந்தாள். அவனை எங்கும் எடுத்துக் கொண்டுபோய் வைக்கவில்லை. மாறியது அவன் மனதில் இருந்த எதிர்பார்ப்பு ஒன்றுதான்.

நம்மிடம் இதற்கு இரண்டாயிரம் வருடத்துக்கு நெருக்கமான ஒரு சொல் இருக்கிறது. தொல்காப்பியம் அகத்திணைகள் ஏழு என்று சொல்லி, அதில் முதலாவதாக வைப்பது கைக்கிளை. ஒருவர் பக்கம் மட்டும் இருக்கிற காதலுக்கு அந்தப் பெயர். பள்ளிக்கூடத்தில் ஒருதலைக் காமம் என்று பொருள் எழுதியிருப்போம். அந்தச் சொல் காதல் யாரிடம் இருக்கிறதோ அவர் நிலையைச் சொல்கிறது. எதிரில் இருப்பவர் ஏதோ செய்துவிட்டார் என்று சொல்வதில்லை. 'எனக்கு அவள் மேல் ஒருதலைக் காதல்' என்று ஒருவன் சொன்னால் அதில் வலி இருக்கும், புகார் இருக்காது. 'ஃப்ரெண்ட்ஸோன்ல போட்டுட்டா' என்று சொன்னால் வலி பின்னால் போய்ப் புகார் முன்னால் வந்து நிற்கும்.

சரி, தம்பி கதைக்கு வருகிறேன். ரயில் ஊத்துக்குளி வருவதற்குள் அவன் ஒரு பட்டியலே சொல்லிவிட்டான். தினமும் அவளுக்கு சீட் பிடித்து வைத்தான். காஸ்டிங் ஷீட் போட எக்செல் கற்றுக்கொடுத்தான். அவள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது கோயமுத்தூருக்கு இரண்டு முறை கூடப் போனான். ஷிப்மென்ட் நெருக்கடியில் ராத்திரி பத்து மணி ஆனால் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விட்டான். "இத்தனையும் செஞ்சு கடைசில எனக்குக் கிடைச்சது ஃப்ரெண்டுங்கிற பேருதானுங்க" என்று முடித்தான்.

நான் கேட்டேன், "அவ உனக்கு என்ன செஞ்சா, அதையும் சொல்லு கண்ணு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பையர் ஒரு ஆர்டரை அளவு தப்பு என்று திருப்பியடித்தபோது, யார் பிழை என்று மேலிடம் இவனைக் கேட்க, அவள் பழைய சாம்பிள் கார்டுகளைத் தேடி எடுத்து இவன் மேல் தப்பில்லை என்று காட்டினாள். இவன் தங்கை கல்யாணத்துக்கு முன்னால் கையில் பணம் இல்லாமல் திண்டாடியபோது முப்பதாயிரம் கொடுத்தாள், வட்டி பேச்சே இல்லாமல். இவன் அப்பாவோடு சண்டை போட்டு வீட்டுக்குப் போகாமல் சுற்றிய வாரத்தில் தினமும் இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பாடு கட்டி வந்தாள். இதெல்லாம் அவன் பட்டியலில் ஏன் முதலில் வரவில்லை? அவன் பொய் சொல்லவில்லை. தான் செய்ததை அவன் சீட்டுக் கட்டுகிற மாதிரி எண்ணிக்கொண்டு வந்தான். மாதா மாதம் கட்டினால் ஒருநாள் மொத்தமாகக் கையில் வரும் என்று. அவள் செய்ததைச் சும்மா வந்ததாக எடுத்துக்கொண்டான்.

சீட்டில் சேர்கிறவர்கள் இத்தனை மாதம், இத்தனை தவணை, ஏலம் இப்படி என்று எல்லாம் தெரிந்துதான் சேர்கிறார்கள். இங்கே அவளுக்குத் தான் ஒரு சீட்டில் இருப்பதே தெரியாது. அவள் கொடுத்ததும் வாங்கியதும் நட்பு. அவன் மட்டும் வேறு நோட்டில் வேறு கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். அவள் 'இல்லை' என்று சொன்ன அன்று அந்த நோட்டைத் திறந்து காட்டினால், அவள் எந்தக் கையெழுத்துக்குப் பொறுப்பேற்பாள்?

இங்கேதான் 'ஆறுதல் பரிசு' என்கிற எண்ணம் வந்து உட்காருகிறது. முதல் பரிசு காதல், அது கிடைக்காதவனுக்கு ஆறுதலாக நட்பு. திருப்பூர்க்காரர்களுக்கு இது பழகிய நடைமுறை. பையர் கழித்துக் கட்டிய பீஸ் செகண்ட்ஸ் ஆகிக் காதர்பேட்டைக்குப் போகும், பாதி விலைக்கும் கீழே விற்கும். அந்தத் தம்பி நட்பை அப்படித்தான் பார்த்தான், காதல் ஆகத் தவறிய ஒரு செகண்ட்ஸ் பீஸாக. ஆனால் அந்த நட்பு காதலாகத் தைக்கப்பட்டு ஊசி தப்பிப் போனது அல்ல. அது தொடக்கத்திலிருந்தே வேறு துணி, வேறு அளவு. அவள் கட்டி வந்த சாப்பாடு காதலின் கழிவு என்று சொன்னால், அந்த வாரம் அவன் பசி ஆறியதற்கு என்ன பெயர்?

அதோடு, நம் பக்கத்தில் ஒரு பெண் ஒரு பையனுக்கு நட்பைக் கொடுப்பது மலிவான காரியம் அல்ல. இரண்டு பேர் பேக்கரியில் நின்று டீ குடித்தால் அந்தச் சேதி சாயங்காலத்துக்குள் வீட்டுக்குப் போகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பையன் என்ன ஆளுங்க என்று சாதியை விசாரிக்கிற ஒறம்பரை எல்லா வீட்டிலும் ஒருவராவது உண்டு. 2015 ஜூனில் திருச்செங்கோட்டுக் கோயிலில், கூடப் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த ஒரு பட்டியல் சாதி மாணவரைக் கடத்திக்கொண்டு போய்க் கொன்றார்கள். 2022-இல் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு பெண் தினமும் ஒரே பெட்டியில் எதிரில் உட்கார்ந்து பேசுகிறாள் என்றால், அவள் யோசித்து, துணிந்து, இவன் நம்பத் தகுந்தவன் என்று முடிவு செய்து கொடுத்த ஒன்று அது. அதை ஆறுதல் பரிசு என்று சொன்னால் அவள் துணிவுக்கு மதிப்பே இல்லாமல் போகிறது.

அடுத்தது, அவன் எப்படித் தப்பாகப் புரிந்துகொண்டான் என்பது. "அவளும் சாடை காட்டினாங்க்கா" என்றான். என்ன சாடை? முதல் வருடம் முழுக்க அவள் அவனை 'வாங்க, போங்க' என்றுதான் பேசினாள். நம் ஊரில் அது சாதாரணம், இரண்டு வயது சின்னவனையும் 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவோம். அப்புறம் ஒருநாள் 'நீ' என்றாள். அவனுக்கு அன்றைக்கே கதவு திறந்துவிட்டது போலிருந்தது. அவளைக் கேட்டால், கூச்சம் போய்விட்டது, அவ்வளவுதான் என்பாள். இதே கணக்கு இன்னொரு பக்கமும் தப்புகிறது. 'அண்ணா' என்று கூப்பிட்டுவிட்டாள், முடிந்தது கதை என்று உடைந்துபோகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். கோயமுத்தூர்ப் பக்கம் கண்டக்டரையும் காய்கறிக்காரரையும் 'ஏனுங்ணா' என்றுதான் கூப்பிடுகிறோம். அந்த ஒரு எழுத்தை வைத்து ஒருவர் மனதைப் படிக்க முடியாது.

இப்படிப் படிப்பது அவன் ஒருவனுடைய பலவீனம் அல்ல. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் 88 ஆண்-பெண் நண்பர் ஜோடிகளைத் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்ட ஓர் ஆய்வு 2012-இல் வெளிவந்தது. ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் போகாது என்று உறுதி கொடுத்துக் கேட்டார்கள். சராசரியாகப் பார்த்தால், ஆண்கள் தோழி மேல் கூடுதல் ஈர்ப்பு வைத்திருந்தார்கள், தோழிக்கும் தங்கள் மேல் அவ்வளவு ஈர்ப்பு இருப்பதாக இருந்ததைவிடக் கூட்டி நினைத்தார்கள். பெண்கள் நண்பனுக்கு இருந்த ஈர்ப்பைக் குறைத்து நினைத்தார்கள். அங்கே படித்த பிள்ளைகளைக் கேட்டது என்பதால் அந்த அளவு அப்படியே நம் ஊருக்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது காட்டுகிற வழி எனக்குப் புரிகிறது. ஒவ்வொருவரும் தன் மனதையே அளவுகோலாக வைத்து எதிராளியை அளக்கிறார்கள். அவனுக்கு உள்ளே காதல் இருந்ததால் அவளுக்கும் இருப்பதாகத் தெரிந்தது. அவளுக்கு உள்ளே நட்பு மட்டும் இருந்ததால் அவனுக்கும் அதுதான் என்று நிம்மதியாக இருந்தாள். ஏமாற்றியவர் யாரும் இல்லாமலே இரண்டு பேரும் ஏமாந்திருக்கிறார்கள்.

'இல்லை' என்று சொல்கிறவர் பக்கத்தை நாம் அதிகம் யோசிப்பதில்லை. 1993-இல் ராய் பௌமைஸ்டர் என்கிற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும், காதல் மறுக்கப்பட்டவர்கள், மறுத்தவர்கள் என்று இரு பக்கத்தாரின் அனுபவங்களையும் எழுதி வாங்கிப் படித்தார்கள். மறுக்கப்பட்டவர்கள் வலியோடு கூடவே இனிமையும் இருந்ததாக எழுதியிருந்தார்கள், ஆசை காட்டி ஏமாற்றினார்கள் என்றும் எழுதியிருந்தார்கள். மறுத்தவர்களுக்கோ குற்ற உணர்வும் சங்கடமும்தான் மிச்சம். காதலிக்கிறவனுக்கு எப்படி நடந்துகொள்வது என்று ஆயிரம் கதை சொல்லித் தந்திருக்கிறது. நல்ல மனிதன் ஒருவனிடம் எப்படி 'இல்லை' சொல்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் பலர் சுற்றி வளைக்கிறார்கள், "இப்ப வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்கிறார்கள். கேட்கிறவன் 'இப்ப' என்கிற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் காத்திருக்கிறான்.

மறுத்தவருக்கு மிஞ்சுகிற சங்கடத்தை என் கண்முன்னால் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் கேன்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவரு என்கூடப் பேசாம இருக்கறது பரவால்லீங்க்கா" என்றாள். மறுபடியும் 'அவரு' ஆகியிருந்தான். "எங்கப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணப்ப வந்து நின்னாருல்லங்க, அது எங்கப்பாவுக்காகன்னு நெனச்சேன். இப்ப அதுவும் இல்லைன்னு ஆயிருச்சு. அதுதான் வெசனமா இருக்குது."

அவன் தனக்குத்தானே செய்துகொண்ட அநியாயமும் அதில்தான் இருக்கிறது. அன்று ஆஸ்பத்திரியில் அந்தப் பெரியவர் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டபோது அவன் மனதில் வெறும் கணக்கா ஓடியிருக்கும்? எனக்கு அவனைத் தெரியும். அப்படி ஓடியிருக்காது. காதலும் இருந்தது, அக்கறையும் இருந்தது, இரண்டும் கலந்துதான் இருந்தது. 'ஃப்ரெண்ட்ஸோன்' என்று பெயர் வைத்த உடனே, அந்த அக்கறை எல்லாம் தவணை என்றும், தான் நண்பனாகவே இருந்ததில்லை என்றும் அவனே வாக்குமூலம் கொடுத்துவிட்டான். அவள் கொடுத்ததைக் குறைத்தது போலவே, தான் கொடுத்ததையும் குறைத்துக்கொண்டான்.

இது எந்த வகை என்று தன்னைத் தானே சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி இருக்கிறது. அடுத்த மாதம் அவளுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அவள் அப்பாவுக்கு ஆபரேஷன் என்றால் போய் நிற்பேனா? எக்செல் சந்தேகம் கேட்டால் சொல்லித் தருவேனா? ஆமாம் என்று மனது சொன்னால் அங்கே நட்பு இருக்கிறது, அதை எந்தப் பரிசோடும் ஒப்பிட வேண்டியதில்லை. இல்லை, அப்புறம் எதற்குப் போக வேண்டும் என்று தோன்றினால், அதைத் தெரிந்துகொள்வதும் நல்லதே. அப்போது நிறுத்திக்கொள்ளலாம். காத்திருந்து கடன் ஏற்ற வேண்டாம்.

தம்பியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். "அவங்கப்பாவுக்குன்னா போவேனுங்க. தினமும் சீட் பிடிச்சு வெச்சு எதிர்ல உக்கார முடியாதுங்க" என்றான். எவ்வளவு சரியான பதில்! நட்பு உண்மை, ஆனால் பக்கத்தில் இருந்தால் வலிக்கிறது. அப்படியானால் கொஞ்ச காலம் விலகி இருக்கலாம். காதல் மறுக்கப்பட்டவர் உடனே சிரித்த முகத்தோடு நண்பராகத் தொடர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் விலகுவதைச் சொல்லிவிட்டு விலக வேண்டும். அவன் அவளுக்கு அனுப்பிய செய்தியை என்னிடம் காட்டினான்: "நீ சொன்னதை ஏத்துக்கறேன். எனக்குக் கொஞ்ச நாள் தள்ளி இருக்கணும். நீ எதுவும் தப்பு பண்ணல. அப்பாவுக்கு நான் செஞ்சது அப்பாவுக்காகத்தான்." முதலில் எழுதியிருந்தது இதைவிட மூன்று மடங்கு நீளம். அதில் 'மறுபடி யோசிச்சுப் பாரு' என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னேன். அந்த ஒரு வரி இருந்தால் மீதி எல்லாமே மறுபடியும் தவணைதான்.

காதலைச் சொல்லாமல் நாள் கடத்தினால்தான் நட்பில் மாட்டிக்கொள்வோம் என்கிற பயத்துக்கும் ஒரு வார்த்தை. கனடாவிலும் அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட 1,900 பேரிடம் கேட்டு 2021-இல் வந்த ஆய்வில், மூன்றில் இரண்டு பங்குக் காதல் உறவுகள் நட்பில் தொடங்கியிருந்தன. ஆகவே நட்பு என்பது பூட்டு இல்லை. அதற்காக, காத்திருந்தால் திறக்கும் என்று எடுத்துக்கொள்வதும் பிசகு. அந்த உறவுகளில் இருவருக்கும் தோன்றியது. இங்கே ஒருவருக்குத் தோன்றவில்லை, அவர் அதைச் சொல்லியும் விட்டார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எதிராளிக்குத் தன் மேல் காதல் இருப்பது தெரிந்தே அதை வைத்து வேலை வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. எப்படி அடையாளம் தெரியும்? வாங்குவது மட்டும் நடக்கும், கொடுப்பது நடக்காது. நீங்கள் விலகப் பார்க்கும்போது மட்டும் ஒரு இனிமையான பேச்சு வரும், நீங்கள் திரும்பிய உடனே அது நின்றுபோகும். நேராகக் கேட்டால் ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. அதற்குப் பெயர் சுரண்டல். அதை ஃப்ரெண்ட்ஸோன் என்று சொல்லாதீர்கள், அங்கே ஃப்ரெண்டே இல்லை. இந்தப் பெண்ணோ கேட்ட அன்றைக்கே, முகத்தைப் பார்த்து, இல்லை என்று தெளிவாகச் சொன்னவள்.

இப்போது அவன் அடுத்த ரயிலில் வருகிறான். முப்பதாயிரத்தில் பாக்கி இருந்த எட்டாயிரத்தைப் போன மாதம் என் கையில் கொடுத்து அவளிடம் சேர்க்கச் சொன்னான். அவள் வாங்கி எண்ணிப் பார்க்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு, "தங்கச்சி எப்படி இருக்குதாம்?" என்று மட்டும் கேட்டாள். நான் அதை அப்படியே அவனிடம் சொன்னேன்.